எட்டுப் பிக்சல் தாளம்

ஸ்டேபிள் டிஃப்யூஷனின் முதல் தலைமுறை மாடல் ஒன்றில் உருவாக்கிய சில நூறு படங்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் பூனை, ஒன்றில் கடற்கரை, ஒன்றில் கிழவர் முகம். ஒவ்வொரு படத்தையும் லேசாக மழுங்கடித்து, அதை மூலப் படத்திலிருந்து கழித்தால் பூனையும் முகமும் பெரும்பாலும் போய்விடும். மணல் தூவியதுபோல ஒரு மிச்சம்தான் நிற்கும். அந்த மிச்சங்களை ஃபூரியே உருமாற்றம் செய்து, வந்த திறன்களையெல்லாம் சராசரி எடுத்துத் திரையில் போட்டால், கோலத்துக்குப் புள்ளி வைத்ததுபோலச் சீரான இடைவெளியில் வெள்ளைப் பொட்டுகள் தெரியும். கேமராவின் கச்சா கோப்பிலிருந்து நேராக எடுத்த படங்களுக்கு இதையே செய்தால் அந்தப் பொட்டு வரிசை வராது.

2020-இல் ஜெர்மனியின் போஹும் நகரிலுள்ள ரூர் பல்கலைக்கழகத்தை மையமாகக் கொண்ட ஒரு குழு, ஜிஏஎன் வகை மாடல்களின் படங்களில் இந்தக் கட்டத்தைக் காட்டியது. டிஃப்யூஷன் மாடல்கள் வந்தபோது, அவை வேலை செய்யும் விதமே வேறு, இந்தத் தடயம் இனி இருக்காது என்று நினைக்க இடமிருந்தது. நேப்பிள்ஸ் ஃபெதெரிகோ பல்கலைக்கழகத்துக் குழு 2023-இல் வெளியிட்ட ஆய்வில் அந்த நினைப்பு பாதி பொய்த்தது. சில டிஃப்யூஷன் மாடல்களில் பொட்டுகள் பளிச்சென்று இருந்தன, சிலவற்றில் மங்கலாக இருந்தன. ஏன் சிலவற்றில் மட்டும்? கல்லூரியில் டிஎஸ்பி பாடம் படித்தவர்களுக்கு இந்தக் கேள்வியின் விடையில் பாதி ஏற்கெனவே தெரியும். செயற்கை அறிவு என்ற சொல்லைக் கொஞ்ச நேரம் மறந்துவிட்டு, மாதிரி வீதத்தை இரட்டிப்பாக்கும்போது என்ன நடக்கும் என்பதை மட்டும் நினைவுக்குக் கொண்டுவந்தால் போதும்.

படம் உருவாக்கும் எந்த நெட்வொர்க்கும் சிறிய அளவில் தொடங்கிப் பெரிதாக்கிக்கொண்டே போகிறது. ஒரு சிக்னலை இரண்டு மடங்காக்க, மாதிரிகளுக்கு நடுவே சுழியைச் செருகுகிறோம். அப்போது ஸ்பெக்ட்ரம் X(ω) என்பது X(2ω) ஆகிச் சுருங்கும். சுருங்கிய இடத்தில் அதன் பிம்பம் ஒன்று π-யை மையமாக வைத்து வந்து உட்காரும். சுழி அதிர்வெண்ணில் இருந்த டிசி கூறும் π-இல் தன் நகலை வைத்துவிடும். அந்த நகலைத் துடைக்க வேண்டியது பின்னால் வரும் வடிகட்டியின் பொறுப்பு. பாடப்புத்தகத்தில் அந்த வடிகட்டியை நாம் வடிவமைத்தோம். நெட்வொர்க்கில் அது பயிற்சியின்போது தானாக அமைகிறது. π-இல் அது சரியாகச் சுழியாக வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்துவதில்லை.

கையால் போட்டுப் பார்க்கலாம். ஸ்ட்ரைட் 2, கர்னல் நீளம் 3, எடைகள் மூன்றும் 1. உள்ளே எல்லா இடத்திலும் 1 என்ற மாறாத சிக்னல் போகிறது. வெளியே 1, 2, 1, 2 என்று வரும், ஏனென்றால் ஓரிடத்தில் ஒரு எடை மட்டும் விழுகிறது, அடுத்த இடத்தில் இரண்டு எடைகள் ஒன்றன்மேல் ஒன்று விழுகின்றன. சராசரி 1.5, அதன்மேல் π-இல் 0.5 வீச்சுள்ள அலை. எடைகள் a, b, c என்றால் a + c = b ஆக இருக்கும்போது மட்டுமே இது மறையும்; 0.5, 1, 0.5 என்ற நேர்கோட்டு இடைச்செருகல் அப்படிப்பட்டது. 2016-இல் ஒதேனா, தூமூலன், ஓலா மூவரும் இந்தச் சதுரங்கப் பலகைக் கோளாறை எல்லோருக்கும் புரியும்படி எழுதி, கர்னல் நீளம் ஸ்ட்ரைடால் வகுபட வேண்டும், அல்லது முதலில் சாதாரண முறையில் பெரிதாக்கிவிட்டுப் பிறகு கான்வல்யூஷன் செய்யலாம் என்றார்கள். பலரும் இரண்டாவது வழிக்கு மாறினார்கள். அதோடு பிரச்சினை தீர்ந்திருக்க வேண்டும்.

தீரவில்லை. எனக்கு இந்த விஷயத்திலேயே மிகச் சுவாரசியமான இடம் இதுதான்.

அண்மைப் பிக்சலை அப்படியே நகலெடுத்துப் பெரிதாக்கும் முறையைப் பாருங்கள். அதன் வடிகட்டி [1, 1]. π-இல் அதற்குச் சரியாகச் சுழி உண்டு. டிசி நகல் அங்கே செத்துப்போகும். மாறாத சிக்னலை உள்ளே விட்டால் மாறாத சிக்னலே வெளியே வரும். ஆனால் உண்மையான சிக்னல் மாறிக்கொண்டே இருக்கும். 10, 14, 9, 13 என்ற நான்கு எண்களைப் பெரிதாக்கினால் 10, 10, 14, 14, 9, 9, 13, 13. அடுத்து வரும் கான்வல்யூஷன் அடுக்கில் விளிம்பு தேடும் கர்னல்கள் நிச்சயம் இருக்கும். அதில் ஒன்று, பக்கத்துப் பக்கத்து எண்களின் வித்தியாசத்தை எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம்: 0, 4, 0, −5, 0, 4, 0. ஒன்றுவிட்டு ஒன்று கட்டாயமாகச் சுழி. இந்த நிலையிலும் சராசரியில் கோடு எதுவும் இல்லை, ஏனென்றால் நடுவில் உள்ள எண்கள் கூட்டலும் கழித்தலுமாக வந்து ஒன்றையொன்று அடித்துவிடும். இதற்குப் பிறகு, குறை எண்களை அமுக்கும் நேரியலற்ற சார்பு வருகிறது: 0, 4, 0, 0, 0, 4, 0. இப்போது அடிப்பதற்கு எதிர் எண் இல்லை. ஒற்றைப்படை இடங்களில் சராசரி சுழி, இரட்டைப்படை இடங்களில் சராசரி மேலே. வடிகட்டி நேர்மையாகத் துடைத்த π கோடு, நேரியலற்ற சார்பின் வழியாக மறுபடி முளைத்துவிட்டது. படத்தில் பூனை இருந்தாலும் கடற்கரை இருந்தாலும் இது நடக்கும், ஒரே கட்டத்தில், படத்தின் இடது மேல் மூலையிலிருந்து எண்ணத் தொடங்கி.

பின்னால் வரும் அடுக்குகள் இதைச் சரிசெய்யக் கற்றுக்கொள்ளலாம். ஓரளவு கற்றுக்கொள்ளவும் செய்கின்றன. ஆனால் கண்ணுக்குத் தெரியாத ஒரு சிறு அலைக்காகப் பயிற்சியில் விழும் தண்டனை மிகக் குறைவு. மிச்சம் தங்கிவிடுகிறது.

இனி ஸ்டேபிள் டிஃப்யூஷனுக்கு வருவோம். அதன் டிஃப்யூஷன் பகுதி படத்தையே தொடுவதில்லை. அது 64 × 64 அளவுள்ள, நான்கு அடுக்கு கொண்ட ஒரு சுருக்க வடிவத்தில் இரைச்சலை நீக்கிக்கொண்டிருக்கும். வேலை முடிந்ததும் விஏஇ எனப்படும் தானியங்கிக் குறியாக்கியின் டிகோடர் அதை ஒரே ஓட்டத்தில் 512 × 512 படமாக விரிக்கும். 64-லிருந்து 128, அங்கிருந்து 256, பிறகு 512. மூன்று முறையும் அண்மைப் பிக்சல் நகல், பின்னால் 3 × 3 கான்வல்யூஷன். கட்டமைப்பில் இது ஒரு ஜிஏஎன் ஜெனரேட்டரின் கடைசிப் பகுதி மாதிரியே இருக்கிறது. பயிற்சியிலும் ஜிஏஎன் பாணி எதிராளி உண்டு. பொட்டுகள் எங்கிருந்து வருகின்றன என்பது இப்போது மர்மமில்லை.

எந்தெந்த இடத்தில் வரும் என்பதையும் கணக்கிட்டுவிடலாம். 128 அளவில் பிறந்த இரண்டு பிக்சல் ஆவர்த்தனம், இன்னும் இரண்டு முறை பெரிதாகி 512 படத்தில் எட்டுப் பிக்சல் ஆவர்த்தனம் ஆகும். அதாவது பிக்சலுக்கு 1/8 சுழற்சி. அதன் பிம்பம் 3/8-இல். 256 அளவில் பிறந்தது 1/4-இல் விழும், 512-இல் பிறந்தது 1/2-இல். 512 புள்ளி எஃப்எஃப்டியில் இவை 64, 128, 192, 256 ஆகிய பின்கள். கிடைமட்டத்திலும் செங்குத்திலும் இப்படியே. அதனால்தான் சமதூரப் பொட்டுகள்.

அளக்க இவ்வளவு போதும்:

```python
import numpy as np
from scipy.ndimage import median_filter

def spec(imgs):
    h = np.hanning(512)
    w = np.outer(h, h)
    s = 0
    for g in imgs:
        r = g - median_filter(g, 3)
        s = s + np.abs(np.fft.fft2(r * w))**2
    return np.fft.fftshift(s / len(imgs))
```

`imgs` என்பது 512 × 512 சாம்பல் நிறப் படங்களின் பட்டியல், மிதவை எண்களாக. விண்டோ போடாவிட்டால், படத்தின் இடது விளிம்பும் வலது விளிம்பும் பொருந்தாததால் அச்சுகளின்மேல் பெரிய சிலுவை ஒன்று விழுந்து, அங்கிருக்கும் பொட்டுகளை மறைக்கும். படத்தின் அளவு எட்டால் வகுபடுவதும் முக்கியம். 500 பிக்சலுக்கு வெட்டிவிட்டால் 1/8 என்பது 62.5-ஆவது பின், கூர்மையான கோடு இரண்டு பக்கமும் சிந்திவிடும்.

இவ்வளவு சிறிய அலை எப்படி மேலே தெரிகிறது என்று கேட்கலாம். 512 × 512 என்றால் 2,62,144 பிக்சல்கள். 256 சாம்பல் நிலைகளில் வெறும் 0.1 நிலை வீச்சுள்ள ஒரு அலை, 3 நிலை திட்ட விலக்கமுள்ள வெள்ளை இரைச்சலில் புதைந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். விண்டோ இல்லாத கணக்கில் அலையின் திறன் (0.1 × 2,62,144 / 2)-இன் வர்க்கம், இரைச்சலின் திறன் 9 × 2,62,144. முன்னது பின்னதைப் போல் ஏறத்தாழ 70 மடங்கு, 18 டெசிபெலுக்கு மேல். ஹான் விண்டோ இதில் மூன்று, நான்கு டெசிபெலைத் தின்னும், பரவாயில்லை. ஒரு நிலையில் பத்தில் ஒரு பங்கு முழு எண்ணாகச் சேமிக்கும்போது தொலைந்துபோகாதா என்றால், படத்தின் சொந்த இரைச்சலே டிதர் வேலையைச் செய்து அதைக் காப்பாற்றிவிடுகிறது. 255-இல் முட்டி வெளுத்த வானத்தில் மட்டும் அது நிஜமாகவே தொலைந்துபோகும்.

கணக்கு அழகாக இருக்கிறது. ஒரே ஒரு படத்தை வைத்துக்கொண்டு தீர்ப்பு எழுத இறங்கினால் சிக்கல். மிச்சம் வெள்ளை இரைச்சல் கிடையாது. ஜன்னல் கம்பி, கட்டம் போட்ட சேலை, செங்கல் சுவர் எல்லாம் சொந்தமாகப் பொட்டு வைக்கும். வெறும் இரைச்சலாகவே இருந்தாலும், ஒற்றைப் படத்தின் ஸ்பெக்ட்ரத்தில் ஒவ்வொரு பின்னின் திறனும் தன் சராசரி அளவுக்கே ஏறி இறங்கும். இத்தனை பின்களில் தேடினால் சராசரியைப் போல் பத்துப் பன்னிரண்டு மடங்குள்ள ஒரு பொட்டு எங்காவது தற்செயலாகவே கிடைக்கும். அதனால் எந்தப் பின்களைப் பார்க்கப்போகிறோம் என்பதைப் படத்தைத் திறப்பதற்கு முன்பே எழுதிவைத்துவிட வேண்டும். பொட்டைக் கண்ட பிறகு அதற்குக் காரணம் தேடுகிறவருக்குக் காரணம் எப்போதும் கிடைத்துவிடும்.

இதைவிடப் பெரிய பொறி ஜேபெக். அதுவும் 8 × 8 கட்டங்களாகத்தான் படத்தை வெட்டுகிறது. கட்ட எல்லைகளில் வரும் சிறு தாவல்கள் அதே 1/8, 1/4, 3/8, 1/2 இடங்களில் விழும். கட்டம் தொடங்குவதும் அதே இடது மேல் மூலையில்! கேமராவில் எடுத்து ஜேபெக்காகச் சேமித்த அசல் படமும், டிகோடரிலிருந்து வந்த 512 படமும் ஒரே பின்களில் பொட்டு வைக்கின்றன. கண்டுபிடிப்பான்களைப் பழக்கப் பரவலாகப் பயன்படும் ஜென்இமேஜ் தொகுப்பில் அசல் படங்கள் ஜேபெக்காகவும் உருவாக்கிய படங்கள் பிஎன்ஜியாகவும் இருந்ததை 2024-இல் ஒரு குழு சுட்டிக்காட்டியது. அதில் பயின்ற நெட்வொர்க், போலியையும் அசலையும் பிரிப்பதாக நாம் நினைத்துக்கொண்டிருக்க, கோப்பு வடிவத்தைப் பிரிக்கவும் கற்றுக்கொண்டிருந்தது. இந்தத் துறையில் 99 சதவீதம் துல்லியம் என்று யாராவது சொன்னால், இரு பக்கமும் ஒரே தரத்தில் ஜேபெக் ஆக்கிய பிறகு எவ்வளவு என்று கேட்பேன்.

பிரிக்க வழியே இல்லை என்று சொல்லிவிட முடியாது. படம் வழியில் அளவு மாறியிருந்தால் அதுவே உதவிக்கு வரும். 512 படத்தை யாரோ 384 ஆகக் குறைத்து ஜேபெக்காகச் சேமித்து அனுப்பினார் என்று வைத்துக்கொள்ளுங்கள். டிகோடரின் எட்டுப் பிக்சல் ஆவர்த்தனம் இப்போது ஆறு பிக்சல், அதிர்வெண் 1/6. ஜேபெக் கட்டம் குறைத்த பிறகு போடப்பட்டது, ஆகவே அது 1/8-இலேயே நிற்கும். 384 புள்ளி எஃப்எஃப்டியில் ஜேபெக் 48-ஆவது பின், டிகோடர் 64-ஆவது பின். இரண்டும் தனித்தனியாகத் தெரியும். டிகோடரின் அடுத்த பொட்டு 1/4-லிருந்து 1/3-க்கு வந்திருக்கும், ஆனால் அதை நான் நம்ப மாட்டேன். நான்குக்கு மூன்று என்று குறைக்கும்போது இடைச்செருகல் எடைகள் மூன்று பிக்சலுக்கு ஒருமுறை திரும்ப வரும். அளவு மாற்றும் வேலையே 1/3-இல் தன் தடத்தை விட்டிருக்கலாம். 1/2-இல் இருந்தது 2/3-க்குப் போக வேண்டும். அப்படியோர் இடம் இல்லாததால் வடிகட்டி அதைத் தின்றிருக்கும், அல்லது அதுவும் மடிந்து 1/3-இலேயே வந்து விழுந்திருக்கும். ஆக இந்தப் படத்தில் சாட்சி சொல்லத் தகுதியுள்ளது 1/6 ஒன்றுதான். வாட்ஸாப்பில் நாலு கை மாறி வந்த படத்தில் அதுவும் ஜேபெக்கின் குவாண்டம் அட்டவணையில் மாட்டிச் செத்திருக்க வாய்ப்பு அதிகம். பொட்டு இல்லாதது எதற்கும் ஆதாரமில்லை.

மங்கலான பொட்டுள்ள மாடல்களை விட்டுவிட்டேன். சுருக்க வடிவத்துக்குப் போகாமல் நேராகப் பிக்சலிலேயே இரைச்சல் நீக்கும் டிஃப்யூஷன் மாடல்களில், கடைசியில் ஒரே தாவலில் விரிக்கும் டிகோடர் கிடையாது. உள்ளே பெரிதாக்கும் அடுக்குகள் இருந்தாலும், முழு அளவுப் படம் ஒவ்வொரு படியிலும் குறுக்கு வழியாக வெளியீட்டுக்கு வந்துசேர்கிறது. அவற்றில் வேறொரு தடயம் தேட வேண்டும்: ஸ்பெக்ட்ரத்தின் சரிவு. இயற்கைப் படங்களின் திறன் சுமாராக 1/f² என்று குறைகிறது. சேர்க்கும் இரைச்சலோ எல்லா அதிர்வெண்ணிலும் சமம். இரைச்சலின் திட்ட விலக்கம் σ என்றால், A/f² = σ² ஆகும் இடத்துக்கு அப்பாலுள்ளதெல்லாம் மூழ்கியிருக்கும். σ பாதியானால் அந்த எல்லை இரட்டிப்பாக விலகும். அப்படியென்றால் மிக நுண்ணிய விவரங்கள் அடங்கிய கடைசி ஆக்டேவ் முழுவதும், இரைச்சல் கடைசியாக ஒருமுறை பாதியாகும்போதுதான் வெளியே வருகிறது. பரவலாகப் பயன்படும் பயிற்சி இலக்கோ அந்தக் குறைந்த இரைச்சல் படிகளுக்குக் குறைவான முக்கியத்துவமே தருகிறது. விளைவாக உயர் அதிர்வெண்களில் திறன் அசலைவிடச் சற்றுத் தாழ்ந்து நிற்கும். இது மென்மையான தடயம். நல்ல லென்ஸ் இல்லாத செல்போனும், இரைச்சலை அழிக்கும் கேமரா மென்பொருளும் இதே தாழ்வை உண்டாக்கும் என்பதால் இதை மட்டும் வைத்து யார்மீதும் பழி போட முடியாது.

பொட்டுகளுக்கே திரும்புகிறேன், ஏனென்றால் அவை சொல்வதைத் தவறாகப் படிப்பது சுலபம். 1/8-இல் கோடு இருந்தால், ஜேபெக்கையும் விலக்கிய பிறகு, நமக்குத் தெரிவது ஒன்றே: இந்தப் பிக்சல்கள் அப்படிப்பட்ட ஒரு டிகோடரின் வழியாக வந்தன. காட்சி கற்பனையானதா என்பதை அது சொல்லாது. செய்திப் புகைப்படக்காரர் ஒருவர் எடுத்த உண்மையான படத்தை, ஒரு மின்கம்பியை மறைப்பதற்காக, சுருக்க வடிவத்தில் வேலை செய்யும் திருத்தக் கருவியில் கொடுக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கருவி முழுப் படத்தையும் 64 × 64 ஆகச் சுருக்கி, கம்பி இருந்த இடத்தை மட்டும் புதிதாக நிரப்பி, மறுபடி முழுப் படத்தையும் டிகோடரில் விரிக்கிறது. கம்பியிலிருந்து வெகு தூரத்தில் நிற்கும் மனிதரின் முகத்திலும் இப்போது எட்டுப் பிக்சல் ஆவர்த்தனம் உண்டு. அந்த முகம் பொய்யில்லை.

சில கருவிகள் திருத்திய பகுதியை மட்டும் வெட்டி மூலப் படத்தில் ஒட்டும். அப்போது படத்தைத் துண்டு துண்டாகப் பார்த்து, பொட்டு எங்கே இருக்கிறது, எங்கே இல்லை என்று வரைபடம் போட முடியும். 128 × 128 துண்டு எடுத்தால் 1/8 சரியாக 16-ஆவது பின்னில் விழும், சிந்தாது. விலை வேறிடத்தில். பிக்சல் எண்ணிக்கை பதினாறில் ஒரு பங்காகும்போது மேலே கண்ட 70 மடங்கு நான்கரை மடங்காகச் சுருங்கிவிடும், தற்செயல் பொட்டுகளின் உயரத்துக்குள்ளேயே. எனவே ஒரு பின்னை மட்டும் நம்பாமல், கிடைமட்டம், செங்குத்து, மூலைவிட்டம் என்று 1/8-இன் மடங்குகள் எல்லாவற்றின் திறனையும் கூட்டி, துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்று பாதி ஏறும்படி நகர்த்திப் பார்க்கிறார்கள். அப்போதும் மறைத்த கம்பி ஆறேழு பிக்சல் அகலம்தான் என்றால், அந்த இடத்தில் ஒரு முழு ஆவர்த்தனம்கூட அடங்காது.